எட்வர்ட் கதைப்பாடல்: கடைசி வரி வந்ததும் அம்மாவின் கேள்விகள் ஏன் வேறாகக் கேட்கின்றன?

தறிவாணி

போன மாதம் எங்கள் பகுதிப் பெண்கள் கூடும் ஒரு மாலையில் நானே கட்டிய கதைப்பாடல் ஒன்றைப் பாடினேன். ஐந்து சரணம். ஒரு பெண் தினமும் ராத்திரி இலை போட்டுக் கணவனுக்குச் சோறு பரிமாறுகிறாள். அவன் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று கடைசிச் சரணத்தில் தெரியவரும். பாடி முடித்ததும் யாரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா மட்டும், "முதல்ல அவன் வந்து காலைக் கழுவினான்னு பாடினியே, அப்போ அது யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு கடைசியில் திருப்பம் வரும் பழைய கதைப்பாடல்களைத் தேடிப் படிக்கிறேன். "எட்வர்ட்" என்ற ஸ்காட்லாந்துப் பாட்டில் மாட்டிக்கொண்டேன். ஏழே சரணம். அம்மா கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான். உன் வாளில் ஏன் ரத்தம் சொட்டுகிறது என்று ஆரம்பிக்கிறாள். முடிவு இப்படி வருகிறது (என் மொழிபெயர்ப்பு, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்):

பெற்றவளுக்கு என்ன விட்டுப் போகிறாய், எட்வர்ட், எட்வர்ட்?
பெற்றவளுக்கு என்ன விட்டுப் போகிறாய், செல்ல மகனே, சொல்லடா ஓ?
நரகத்தின் சாபம் உனக்கு என்னிடமிருந்து, அம்மா, அம்மா,
நரகத்தின் சாபம் உனக்கு என்னிடமிருந்து, நீ தந்த யோசனை அப்படி ஓ.

இதைப் படித்ததும் மேலே போய் முதல் சரணத்திலிருந்து திரும்பப் படித்தேன். ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் பேசுவது வேறு ஒரு அம்மா. இங்கே யாரும் "ஏமாற்றிவிட்டாய்" என்று கேட்க மாட்டார்கள். என் பாட்டில் கேட்டார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பழையஏடு

நல்ல கேள்வி அம்மா. உங்கள் பெரியம்மா கையை வைத்த இடமே சரியான இடம். "அவன் வந்து காலைக் கழுவினான்" என்று சொன்னது யார்? பாடுகிற நீங்கள். பாடுகிறவர் சொல்வதைக் கேட்பவர் நடந்ததாக எடுத்துக்கொள்வார். கடைசியில் அது நடக்கவில்லை என்றால் பொய் சொன்னது பாத்திரம் இல்லை, நீங்கள்.

எட்வர்டில் அந்த இடமே காலி. கதை சொல்பவர் என்று ஒருவர் கிடையாது. "அவள் கேட்டாள்", "அவன் சொன்னான்" என்றுகூட ஒரு சொல் இல்லை. இரண்டு குரல் மட்டும். அதனால் நம்மிடம் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவே இல்லை. பொய் இருக்கிறது, ஆனால் அது மகன் அம்மாவிடம் சொல்லும் பொய், அதையும் அம்மாவே அடுத்த சரணத்தில் உடைத்துவிடுகிறாள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில், என் வல்லூறைக் கொன்றேன் என்கிறான். அம்மா, வல்லூறின் ரத்தம் இத்தனை சிவப்பாக இருக்காது என்கிறாள். சரி, என் செங்குதிரையைக் கொன்றேன் என்கிறான். அது கிழக்குதிரை, உன்னிடம் வேறு குதிரைகள் இருக்கின்றன, உன் துக்கம் வேறு ஏதோ என்கிறாள். முதல் தடவை கேட்கும்போது இது பதறுகிற தாய். பிள்ளை எதையோ மறைக்கிறான், அவனை மெல்லப் பேசவைக்கிறாள். "செல்ல மகனே" என்கிற சொல் நமக்கு அணைப்பாகவே கேட்கிறது.

மூன்றாவது சரணத்தில், அப்பாவைக் கொன்றுவிட்டேன், ஐயோ என்கிறான். இதற்கு அம்மா சொல்லும் அடுத்த வார்த்தையைக் கவனியுங்கள். அவளுடைய புருஷன் செத்துவிட்டான். ஒரு "ஐயோ" அவள் வாயிலிருந்து வரவில்லை. இதற்கு என்ன பிராயச்சித்தம் செய்யப் போகிறாய் என்று கேட்கிறாள். முதல் தடவை கேட்கும்போது இது நமக்கு உறைப்பதில்லை, காரணம் பாட்டின் அமைப்பு. சரணத்துக்குச் சரணம் கேள்வி, பதில் என்று நம்மை ஒரு தாளத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது, இடையில் ஒப்பாரிக்கு இடம் இல்லை. அவள் அழாததை வடிவத்தின் கணக்கில் எழுதிவிட்டு நாம் தாண்டிப் போகிறோம். கடைசி வரி வந்த பிறகு அதே மௌனம் அவள் கணக்கில் வந்து உட்காருகிறது.

திருப்பத்துக்கு முன்னும் பின்னும் வரி உண்மையாகவே இருக்க வேண்டும், பேசுபவரின் மனம் மட்டும் வேறாகத் தெரிய வேண்டும். உங்கள் பாட்டின் ஐந்து சரணத்தையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். "அவள் இலை போட்டாள்" தாண்டிவிடும். "அவன் கால் கழுவினான்" தாண்டாது.

இன்னொன்று. திருப்பம் வரும் இடம். வீட்டுக்கு என்ன, பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன, அம்மாவுக்கு என்ன என்று வரிசையாகக் கேட்டு உயில் போல முடிப்பது அந்தப் பக்கத்துக் கதைப்பாடல்களின் பழைய வழக்கம். "லார்ட் ராண்டல்" பாட்டிலும் விஷம் உண்டு சாகப்போகும் மகனிடம் அம்மா இப்படித்தான் கேட்பாள். ஆக, கேட்பவர் அந்தக் கடைசிப் பங்குக்காகவே காத்திருக்கிறார். திருப்பம் புதிதாக ஒரு கதவைத் திறந்துகொண்டு வருவதில்லை. எல்லோரும் எதிர்பார்க்கும் நாற்காலியில் எதிர்பாராத ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதிலும் சாபம் முதலில், காரணம் பிறகு. பெற்ற தாய்க்கா சாபம் என்று நாம் திடுக்கிட்டு, காரணம் வரும்போதே பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

மதுரைச்செல்வம்

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? சொத்துக் கதை. பிராயச்சித்தம் என்ன என்று கேட்ட கையோடு அவள் எதைக் கேட்கிறாள் பாருங்கள்: பார்க்க அழகான உன் கோபுரங்களையும் மண்டபத்தையும் என்ன செய்யப் போகிறாய்? மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. புருஷனை மகன் கையால் தீர்த்துக்கட்டி, மகனையும் ஊரைவிட்டு ஓட வைத்து, கோட்டையைத் தானே வைத்துக்கொள்ள அவள் போட்ட திட்டம். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு பிரபு குடும்பத்தில் உண்மையாகவே நடந்ததைத்தான் பாடி வைத்திருப்பார்கள்.

பழையஏடு

செல்வம், கேள்விகளின் வரிசையைக் கவனித்தீர்கள் பாருங்கள், அது அருமை. கோபுரம் முன்னால், மனைவி மக்கள் பின்னால். முதல் வாசிப்பில் அது வெறும் வரிசை, இரண்டாவதில் அது அவளுடைய ஆசையின் வரிசையாகவும் கேட்கிறது. அங்கே உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் "திட்டம்" என்று பாட்டில் எங்கும் இல்லை. "யோசனைகள்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. என்ன யோசனை, எப்போது, எதற்காக, எதுவும் இல்லை. அப்பாவைக் கொல் என்று நேரடியாகச் சொன்னாளா, வருடக்கணக்காக அப்பாவைப் பற்றிக் குறை சொல்லியே மகன் மனதைத் திரித்தாளா, அதுவும் தெரியாது. உண்மைச் சம்பவம் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்திலும் இதே கேள்வி பதில் பாட்டு வேறு பெயர்களோடு இருக்கிறது. ஒரு குடும்பத்தில் நடந்தது இத்தனை நாட்டில் இப்படிச் சுற்றாது.

ராகமாலிகா

எட்வர்ட் என்று பார்த்ததும் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் பியானோ பாலேட் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்தேன். ஓபஸ் 10, முதல் எண், டி மைனர், 1854. நான் அதை இரண்டு வருடம் வாசித்திருக்கிறேன். ஹெர்டர் ஜெர்மனில் தந்த ஸ்காட்டியப் பாடலைப் பின்பற்றியது என்று நோட்ஸின் தலைப்பிலேயே போட்டிருக்கும். என் டீச்சர் அந்தப் பாட்டின் கதையைச் சொன்னதே இல்லை. இங்கேதான் முதல் தடவை முழுதாகப் படித்தேன்.

படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. ஆரம்பத்தில் மெதுவாக, வெறுமையாக ஒரு கேள்வி போல வரும் பகுதி, அதற்கு ஒரு பதில், திரும்பக் கேள்வி. நடுவில் மேஜருக்கு மாறி, பெருத்துப் பெருத்து உச்சத்துக்குப் போகும். முடிவில் அந்த முதல் ராகமே திரும்ப வரும். ஆனால் இப்போது அடியில் இடது கை மூன்று மூன்றாக விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்கும், அடங்கின குரலில். மெலடி அதே மெலடி. அந்தத் தட்டலை நான் வெறும் அலங்காரமாகவே வாசித்து வந்தேன். இனிமேல் அப்படி வாசிக்க முடியாது. தலைப்பை விட்டு விலகிப் பேசியிருந்தால் மன்னிக்கவும்.

தறிவாணி

விலகவே இல்லை அக்கா. "மெலடி அதே, அடியில் போவது வேறு" என்று சொன்னீர்களே, நான் தேடிக்கொண்டிருந்ததே அதுதான். இன்று சாயங்காலம் கேட்டேன். பழையஏடு ஐயா சொன்ன இரண்டாம் வாசிப்பு காதில் விழுவது போல இருந்தது.

ராகமாலிகா

அப்படியென்றால் இதையும் கேளுங்கள். இருபது வருடம் கழித்து, 1870களில், பிராம்ஸ் இதே பாட்டைச் சொற்களோடு இரண்டு பேர் பாடுவதாக அமைத்தார். ஓபஸ் 75, முதல் எண். தாய்க்கு ஆல்ட்டோ, மகனுக்கு டெனர். தாயாகப் பாடுபவருக்கு முதல் சரணத்திலேயே முடிவு தெரியும் அல்லவா? தெரிந்ததைக் காட்டவும் கூடாது, தெரியாதது போல நடிக்கவும் கூடாது. அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தணிகை_எம்ஏ

நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்தவன். எங்களுக்கு இந்தப் பாட்டு இருந்தது. எங்கள் பேராசிரியர் வகுப்பில் தெளிவாகச் சொன்னார்: இந்தக் கடைசித் திருப்பம் நாட்டுப்புறத்தான் செய்தது இல்லை. 1765-இல் தாமஸ் பெர்சி லண்டனில் பழம்பாடல் தொகுப்பு வெளியிட்டபோது, ஸ்காட்லாந்திலிருந்து டேவிட் டால்ரிம்பிள் என்ற படித்த சீமான் அனுப்பிவைத்த பாட்டு இது. பழையதாகத் தெரியட்டும் என்று எழுத்துக்கூட்டலைக்கூடத் திருகி வைத்திருக்கிறார்கள். வயலில் பாடித் திரிந்தவர்கள் இப்படிக் கடைசி அரைவரியில் குண்டு வைக்க மாட்டார்கள். ஆக நீங்கள் எல்லோரும் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டுக் கனவானின் கைவேலையை நாட்டுப்பாடல் என்று ரசிக்கிறீர்கள்.

பழையஏடு

தம்பி, உங்கள் பேராசிரியர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தனிச் சந்தேகங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

எழுத்துக்கூட்டல் போலி என்பது ஒன்று. அது சரி, ஆனால் அதனால் பாட்டு போலி ஆகிவிடாது. ஹார்வர்டில் இருந்த பிரான்சிஸ் சைல்ட் 305 கதைப்பாடல்களை வகைப்படுத்தி 1882-இலிருந்து 1898 வரை வெளியிட்டார், இன்றும் அந்த எண்களைத்தான் சொல்கிறோம். எட்வர்ட் 13. அவர் இதே சந்தேகத்தை எடுத்துப் பேசி, எழுத்துக்கூட்டல் ஒரு பழம்பாட்டை உண்டாக்காது, அழிக்கவும் அழிக்காது என்ற கருத்தை எழுதி வைத்தார்.

திருப்பம் யாருடையது என்பது வேறு சந்தேகம். இதற்கு மற்ற வடிவங்களைப் பார்க்க வேண்டும். மதர்வெல் என்பவர் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி பாடக் கேட்டு எழுதிக்கொண்ட வடிவம் இருக்கிறது. அதில் மகன் பெயர் டேவி. கொலையானது அப்பா இல்லை, அண்ணன் தம்பிக்குள் நடந்த கொலை. சண்டை எதில் வந்தது? மரமாகவே ஆகியிருக்காத ஒரு சின்னக் குச்சியை வெட்டியதில். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பக்கம் செசில் ஷார்ப் முதல் உலகப்போர்க் காலத்தில் போய்ச் சேகரித்த வடிவங்களிலும் சகோதரக் கொலைதான், ஒரு புதரை வெட்டியதில் வந்த தகராறுதான். அங்கே அம்மாவுக்குச் சாபம் இல்லை. எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கிறாள், நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறான். அதில் முன் சரணங்கள் மாறுவதில்லை. அம்மா கடைசி வரைக்கும் அம்மாதான்.

1931-இல் ஆர்ச்சர் டெய்லர் என்ற ஆய்வாளர் ஸ்காண்டிநேவிய வடிவங்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்து, சகோதரக் கொலைதான் பழையது, பெர்சியின் வடிவம் பின்னால் மாற்றப்பட்டது என்ற பக்கம் சாய்ந்தார். இது வரைக்கும் உங்கள் பேராசிரியருக்கு ஆதரவுதான்.

ஆனால் மதர்வெல் வடிவத்தின் முடிவைப் பாருங்கள். அம்மாவுக்கு என்ன விட்டுப் போகிறாய் என்ற கேள்வி அதிலும் இருக்கிறது. மகன் சொல்லும் பதில்: அவளை எரிக்க ஒரு கரி நெருப்பு. காரணம் சொல்லவில்லை. குச்சிச் சண்டையில் சகோதரனைக் கொன்றவன் எதற்காகத் தாயை எரிக்கச் சொல்ல வேண்டும்?

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். "நீ தந்த யோசனை" என்ற வரி முதலிலேயே இருந்து, வாய்வழியாக வரும்போது உதிர்ந்து, வெறும் கோபம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அல்லது காரணம் இல்லாத கோபத்தைப் பார்த்த ஒரு படித்த கை அதற்குக் காரணம் எழுதிச் சேர்த்திருக்கலாம். எனக்கு முதல் விளக்கத்தில்தான் நம்பிக்கை. மனம் பொறுக்காத ஒரு தகவலைப் பாடுகிறவர்கள் தணித்துப் பாடுவதை நான் நம் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

தணிகை_எம்ஏ

கரி நெருப்பு பற்றி வகுப்பில் வரவில்லை. அது யோசிக்க வைக்கிறது. ஆனாலும் எனக்கு இரண்டாவது விளக்கம்தான் இயல்பாகப் படுகிறது. காரணமில்லாமல் கிடந்த சாபத்துக்கு நான்கே சொல்லில் காரணம் சேர்த்து, அதனாலேயே முன்னால் இருக்கும் ஆறு சரணத்தையும் திருப்பிவிடுவது எழுத்தாளன் மூளை.

கரும்பலகை

நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியை. பாடத்தில் இல்லாததுதான், ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இந்த இழையில் இருப்பதை வைத்துத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பிள்ளைகளை நிற்க வைத்து ஆளுக்கொரு குரல். ஏழாவது சரணத்தை மட்டும் மடித்துத் தனியாக வைத்திருந்தேன்.

ஆறு சரணம் வரை, அம்மாவாகப் படித்த பெண் கொஞ்சும் குரலில் படித்தாள். கண்ணீர் வந்துவிடும் போல இருந்தது. பிறகு ஏழாவதைக் கொடுத்தேன். படித்தாள். வகுப்பு கப்சிப். நான் எதுவும் விளக்காமல், முதலிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். அவளாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வல்லூறு ரத்தம் இத்தனை சிவப்பாக இருக்காது" என்ற வரியை முதல் தடவை வருத்தமாகப் படித்தவள், இப்போது அவசரமாகப் படித்தாள். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு வல்லூறு வேணாம் மிஸ். வேலை முடிஞ்சுதான்னு தெரியணும்" என்றாள்.

ஆனால் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டதற்கு என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அவளே சொல்லித்தான் செஞ்சான்னா, ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரியாதா? அப்புறம் ஏன் கேக்குறா?"

மதுரைச்செல்வம்

சுலபம் டீச்சர். அவள் நடிக்கிறாள். வேலைக்காரர்கள் பக்கத்தில் நின்றிருப்பார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று தெரியாதவள் போலக் கேட்கிறாள்.

கரும்பலகை

வேலைக்காரர்கள் பாட்டில் இல்லையே சார். நாம் கொண்டுவந்து நிறுத்தினால்தான் வருவார்கள். ஆனால் உங்கள் பதிலைப் பையனிடம் சொல்கிறேன், அவனும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னான்.

பழையஏடு

அந்தப் பையன் பெரிய ஆட்கள் முட்டிக்கொண்ட இடத்தில் முட்டியிருக்கிறான். பெர்சியின் வடிவத்தைச் சந்தேகப்படுகிறவர்கள் பிடிக்கும் பிடியும் இதுதான்: கேள்விகள் தெரியாத அம்மாவுக்காகக் கட்டப்பட்டவை, முடிவு தெரிந்த அம்மாவுக்காகக் கட்டப்பட்டது, இரண்டும் வேறு வேறு துணி, நடுவில் தையல் தெரிகிறது என்பார்கள்.

என் மனதுக்குப் படுவது வேறு. அவள் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் செய்வானா என்று அவளுக்குத் தெரியாது. வாளோடு வந்து நிற்கிறான். இன்றைக்கா, இதுதானா என்று உறுதி செய்துகொள்கிறாள். டீச்சர், உங்கள் மாணவி படித்ததும் இப்படித்தான். வேறு ஒரு வழியும் இருக்கிறது: அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாள். "கொன்றேன்" என்று அவன் சொல்லிவிட்டால் அது அவன் செயல், அவள் தப்பித்தாள். மூன்றாவது சரணத்தில் அவனும் அப்படித்தான் சொல்கிறான், "நான்" என்று. நான்கு சரணம் கழித்துத்தான் "நீ" வருகிறது.

இரண்டில் எது என்று பாட்டு சொல்லவில்லை. தையல் தெரிகிறது என்பவரையும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

தறிவாணி

எல்லோருக்கும் நன்றி. என் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய முதல் சரணம் இது:

வாசல் வந்து நின்னான் மச்சான்
வந்து காலைக் கழுவினான்
ஆசையோட இலையில் குந்தி
அள்ளி அள்ளித் தின்னுறான்

நான்கு வரியும் பொய். இப்போது மாற்றியது:

வாசல் பக்கம் சொம்புத் தண்ணி
வச்சுப் பார்த்து நிக்குறா
ஆசைப்பட்ட மீன்குழம்பை
அடுப்பில் சூடு வைக்குறா

அவனைத் தொட்ட வினைச்சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது சரணத்தில் அவள் குரலையே வைத்தேன்:

உப்புக் கூடிப் போச்சுதா மச்சான்
ஒத்த வார்த்தை பேசலியே
தப்பு என்னது ஆனாக்கூட
தலையை ஆட்டக் கூடாதா

நான்காவதில், அவள் மீந்த சோற்றைக் காக்காய்க்கு வைப்பதாக எழுதியிருக்கிறேன். கடைசிச் சரணம் பழையபடிதான், சுவரில் மாலை போட்ட படம்.

பழையஏடு

மூன்றாவது சரணம் பிரமாதம். முதலில் கேட்கும்போது முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷன். பொய் ஒன்றும் இல்லை.

நான்காவது சரணம் ஆகாது. நம் ஊரில் காக்காய்க்குச் சோறு வைத்தால் செத்தவர்களுக்கு என்று குழந்தைக்கும் தெரியும். அங்கேயே கதை வெளியே வந்துவிடும். அதுவும் உங்கள் கதை ராத்திரியில் நடக்கிறது, ராத்திரி காக்காய் எங்கே வரும்? எட்வர்டில் அம்மா அழாதது ஒரு குறிப்புதான். ஆனால் அது ஒரு இல்லாமை, அதனால் முதல் முறை தட்டுப்படவில்லை. உங்கள் காக்காய் இருக்கிற பொருள், கண்ணில் விழும். அதை எடுத்துவிட்டு, வரவேண்டியது ஏதாவது வராமல் இருக்கட்டும்.

மாலை போட்ட படத்தையும் யோசியுங்கள். அது பாடுகிற நீங்கள் வெளியிலிருந்து காட்டுவது. கேள்விக்குப் பதிலாக வந்தால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

ஒரு குழந்தை கேட்கலாமா? தூக்கத்தில் எழுந்து வந்து, "யாருக்கும்மா இந்த இலை?" என்று. அவ்வளவு கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. பதில் வேண்டாம்.

தணிகை_எம்ஏ

பதில் வேண்டும். எட்வர்டில் காரணத்தைச் சொல்லித்தான் முடிக்கிறான். கேள்வியோடு நிறுத்தினால் பாதிப் பேருக்குப் புரியாது, முதல் தடவை நடந்ததே திரும்ப நடக்கும்.

தறிவாணி

காக்காயை எடுத்துவிட்டேன். நான்காவது சரணத்தில் இப்போது அவள் இலையை மடிக்கிறாள், சொம்பை எடுத்து உள்ளே வைக்கிறாள். சொம்பு வைத்த இடத்தில் திண்ணை நனையவில்லை, அவ்வளவுதான். குழந்தை வரும் கடைசிச் சரணத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். முடிவு செய்யவில்லை.

நேற்று அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போய் மாற்றியதைப் பாடிக் காட்டினேன், குழந்தை கேட்பதோடு நிறுத்தி. இந்தத் தடவை "அது யாரு" என்று கேட்கவில்லை. முதல் சரணத்தைத் திரும்பப் பாடச் சொன்னார். பாடினேன். "எங்க வீட்டுல படையல் போட்டா தண்ணியை இலைக்குப் பக்கத்துலதான் வைப்போம். இவ வாசல்ல வைக்கிறா" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவன் செத்தது இவளுக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சேதான் வைக்கிறாளா?" என்று கேட்டார்.

இதுவும் டீச்சரின் பையன் கேட்ட கேள்விதான். எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை பாட வேண்டும். ராகமாலிகா அக்கா, தெரிந்தும் காட்டாமல் பாடுவது கஷ்டம் என்றீர்களே, அந்த முதல் சரணத்தை எந்தக் குரலில் எடுப்பது?